நிரந்தரப் பாத்திரத்தைச் சந்தேகிக்கலாமா? வாரம் ஒரு வழக்கும், ஒரே வழக்கின் நீள்தொடரும்

காரைக்குடி வாசகர் | மார்ச் 3, இரவு 9.40

இந்த இழையில் முடிவுகள் மறைக்கப்படாது. ‘பிராட்சர்ச்’, ‘மங்க்’ இரண்டையும் இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள் பார்த்து முடித்த பிறகு படிக்கலாம்.

வாரம் ஒரு வழக்காக வரும் துப்பறியும் தொடர்களையும், ஒரே வழக்கை ஒரு சீசன் முழுவதும் நடத்திச் செல்லும் தொடர்களையும் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் நீளத்தைப் பற்றியே பேசுகிறார்கள். நான் அதைவிட முக்கியமாகக் கருதுவது, பார்ப்பவர் யாரைச் சந்தேகிக்கிறார் என்ற கேள்வியை. முதல் வகையில் வாரந்தோறும் வருபவர்கள்மேல் நம் சந்தேகம் போவதே இல்லை. அந்த வாரம் மட்டும் வந்து போகிற நால்வரில் ஒருவர்தான் குற்றவாளி என்று கதை தொடங்கும்போதே தெரிந்துவிடுகிறது. சோனி தொலைக்காட்சியில் 1998 முதல் 2018 வரை ஓடிய ‘சி.ஐ.டி.’ தொடரில் ஏ.சி.பி. பிரத்யுமனின் ஆட்கள்மீதே பழி விழும் கதைகள் உண்டு. அப்போதுகூட, ‘இவர் செய்திருப்பாரா’ என்று யாரும் கேட்டதில்லை. ‘இவரை யார் சிக்க வைத்தார்கள்’ என்றுதான் கேட்டோம்.

நீள்தொடரில் இது தலைகீழாகிறது. ஒருவர் மூன்றாவது முறையாகக் காரணமில்லாமல் திரையில் வந்தாலே அவர்மேல் கண் விழுகிறது. அப்படியானால் நீள்தொடரில் நமக்குத் துணையாக ஒரு பாத்திரம் கிடைக்கவே வழியில்லையா என்பதுதான் என் கேள்வி.

தேவகோட்டை மாணவன் | மார்ச் 3, இரவு 10.25

எனக்கு இது எளிமையாகத் தெரிகிறது. வாரம் ஒரு வழக்கில் நிரந்தரப் பாத்திரம் மாறுவதே இல்லை. முதல் கதையில் எப்படி வந்தாரோ கடைசிக் கதையிலும் அப்படியே இருக்கிறார். அமெரிக்கத் தொடரில் வரும் துப்பறிவாளர் கொலம்போவின் கசங்கிய மழைக்கோட்டு கடைசி வரை கசங்கிய மழைக்கோட்டுதான். நீள்தொடரில் மனிதர்கள் மாறுகிறார்கள். ஆகவே நீள்தொடர் உயர்ந்தது, மற்றது பொழுதுபோக்கு.

காரைக்குடி வாசகர் | மார்ச் 4, காலை 6.50

தம்பி கொலம்போவைப் பற்றிச் சொன்னதில் பாதி சரி. அவர் மாறவில்லை. ஆனால் அந்த மாறாமையைப் படைத்தவர்கள் எவ்வளவு கவனமாகக் காப்பாற்றினார்கள் என்று பார்க்க வேண்டும். ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் இருவரும் உருவாக்கிய அந்தத் தொடரில் கொலையாளி யார் என்பது தொடக்கத்திலேயே காட்டப்பட்டுவிடுகிறது. கொலம்போ உள்ளே வருவதற்குள் கதையின் கணிசமான பகுதி ஓடிவிடுகிறது. எனவே ஒவ்வொரு கதையிலும் முழுமையாக வரையப்படும் மனிதர் கொலையாளிதான். அவருக்கு வீடு, தொழில், அகந்தை, பயம் எல்லாம் உண்டு. கொலம்போவுக்கு அவற்றில் எதுவுமே கண்ணுக்குத் தெரிவதில்லை. அவர் ஓயாமல் பேசுகிற மனைவியை நாம் ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. அந்த மனைவி உண்மையில் இருக்கிறாரா, எதிராளியை அசட்டையாக இருக்கச் செய்வதற்கான பேச்சா என்று ஐயப்படும்படி விட்டிருக்கிறார்கள்.

அவருடைய வீட்டைக் காட்டியிருந்தால் அதற்கு ஒரு கதை தேவைப்பட்டிருக்கும். அந்தக் கதை அடுத்த வாரமும் தொடர வேண்டியிருக்கும். காட்டாமல் பேச்சிலேயே வைத்திருந்ததால் 1971இல் தொடங்கிய தொடரை நடுவில் பல ஆண்டுகள் நிறுத்திவிட்டு, 1989இல் மறுபடி தொடங்கி 2003 வரை கொண்டுபோக முடிந்தது. எதையும் நினைவூட்ட வேண்டிய அவசியம் அவர்களுக்கு எழவில்லை.

பள்ளத்தூர் ஆச்சி | மார்ச் 4, பிற்பகல் 3.15

எது பார்க்க வசதி என்பதுதானே கேள்வி? எங்கள் வீட்டில் அப்பத்தாவுக்குக் கண்பார்வை மங்கல். நான் பக்கத்தில் அமர்ந்து கதை சொல்லிக்கொண்டே பார்ப்பேன். தனித்தனி வழக்காக வந்தால் அப்பத்தாவுக்குச் சிரமமில்லை. குரலைக் கேட்டதும் ‘இவன் நம் ஆள்’ என்று சொல்லிவிடுவார். எட்டு எபிசோடு தொடர் என்றால் ஒவ்வொரு நாளும் ‘இவள் யார், போன தடவை அழுதவளா, சிரித்தவளா’ என்று கேட்பார். நான் பதில் சொல்வதற்குள் அடுத்த காட்சி வந்துவிடும்.

அந்தக் காலத்தில் சன் டி.வி.யில் ‘மர்ம தேசம்’ வந்தபோது இதே அப்பத்தா ஒரு வாரம்கூட விட்டதில்லை. ‘விடாது கருப்பு’ முழுவதும் யார் யார் என்று எனக்கே சொல்லிக் கொடுத்தார். இப்போது ஏன் முடியவில்லை என்று தெரியவில்லை.

கானாடுகாத்தான் பழைய வாசகர் | மார்ச் 4, இரவு 8.05

ஆச்சி கேட்டது வேறு கேள்வியாக இருந்தாலும் விஷயத்துக்குள்தான் இருக்கிறது. ‘மர்ம தேசம்’ வாரத்துக்கு ஒருமுறை வந்தது. நடுவில் ஆறு நாட்கள் வீட்டில், கடையில், கோயிலில் அதைப் பற்றிப் பேசிப் பேசி மனிதர்கள் மனத்தில் பதிந்துவிட்டார்கள். எட்டு எபிசோடுகளையும் ஒரே இரவில் வெளியிடும்போது அந்தப் பேச்சுக்கு இடமில்லாமல் போகிறது.

வாரம் ஒரு வழக்கு என்று நாம் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறோம். ‘கொலம்போ’ எழுபதுகளில் வாரந்தோறும் வரவில்லை. என்.பி.சி. ஒரே நேரத்தை வேறு சில துப்பறியும் தொடர்களுடன் சுழற்சியில் பகிர்ந்து கொடுத்திருந்தது. அதனால் ஒரு கதைக்கும் அடுத்ததற்கும் இடையே வாரங்கள் கழியும். அவ்வளவு இடைவெளியிலும் பார்ப்பவர் ஒரே பார்வையில் அடையாளம் காண வேண்டும் என்றால் மழைக்கோட்டும் சுருட்டும் பழைய பியூஜோ காரும் தேவைதான். அப்பத்தா குரலைக் கேட்டு ‘நம் ஆள்’ என்கிறாரே, அந்த அடையாளத்துக்காகத்தான் அவை இருக்கின்றன.

காரைக்குடி நண்பர் நீளம் முக்கியமில்லை என்று சொன்னதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. சுஜாதாவின் கணேஷ்–வசந்த் கதைகளில் பல, பத்திரிகையில் வாரவாரம் வந்த தொடர்கதைகள். ‘கொலையுதிர் காலம்’ குமுதத்தில் அப்படித்தான் வந்தது. வெளிவந்த முறையைப் பார்த்தால் அது நீள்தொடர். ஆனால் கணேஷையோ வசந்த்தையோ கொலையாளியாக யாரும் ஒரு வாரமாவது எண்ணியிருப்பார்களா? ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி ஆகியோருக்கும் இதே பாதுகாப்பு உண்டு. ஒரு வழக்கு எத்தனை வாரம் ஓடினாலும் நிரந்தரப் பாத்திரம் அதற்கு வெளியே நின்றால் அது முதல் வகைதான் என்பது என் எண்ணம்.

காரைக்குடி வாசகர் | மார்ச் 5, இரவு 10.10

கணேஷ்–வசந்த் எடுத்துக்காட்டு என் கேள்வியை இன்னும் கூர்மையாக்கிவிட்டது. ‘வழக்குக்கு வெளியே நிற்பவர்’ என்று பார்ப்பவர் ஒருவரை நம்பிவிட்டால், நீள்தொடர் அந்த நம்பிக்கையை எடுத்துப் பயன்படுத்த முடியுமா? ‘பிராட்சர்ச்’ முதல் சீசன் அதைத்தான் செய்கிறது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2013இல் ஐ.டி.வி.யில் வந்தது, எட்டு எபிசோடு. எழுதியவர் கிறிஸ் சிப்னால். சிறிய கடற்கரை ஊர். டானி லாட்டிமர் என்ற 11 வயதுச் சிறுவனின் உடல் பாறைச் சரிவுக்குக் கீழே கிடக்கிறது. விசாரிக்கிறவர்கள் இருவர்: வெளியூரிலிருந்து வந்த அலெக் ஹார்டி, உள்ளூரில் வாழும் எல்லி மில்லர். எல்லி இறந்த பையனின் குடும்பத்துக்கு நெருங்கியவர். அவருடைய மகன் டாமும் டானியும் நண்பர்கள்.

சந்தேகம் வரிசையாக நகர்கிறது. முதலில் தந்தை மார்க். அன்றிரவு எங்கே இருந்தார் என்பதைப் பொய்யாகச் சொல்கிறார், உண்மையில் ஓட்டல் நடத்தும் பெக்காவுடன் இருந்திருக்கிறார். பிறகு பத்திரிகைக் கடைக்காரர் ஜாக் மார்ஷல். அவருடைய பழைய தண்டனை செய்தித்தாளில் வெளியாக, ஊரே அவருக்கு எதிராகத் திரும்புகிறது, அவர் இறந்துபோகிறார். அதன் பிறகு நாயுடன் நடந்து திரியும் சூசன் ரைட். ஒவ்வொருவரும் ஒன்றை மறைத்தது உண்மை. ஆனால் எவரும் கொலை செய்யவில்லை. தனித்தனி வழக்காக வரும் தொடரில் குற்றமற்றவர் என்று தெரிந்த கணமே ஒரு விருந்துப் பாத்திரத்தின் வேலை முடிந்துவிடும். இங்கே அப்படி விட முடியாது. மார்க் கொலையாளி இல்லை என்று தெரிந்த பிறகும் அவர் மனைவி பெத் அந்தத் துரோகத்தை வைத்துக்கொண்டுதான் அதே வீட்டில் இருக்க வேண்டும். ஜாக் இறந்த பிறகும் அவரைத் துரத்தியவர்கள் அதே தெருவில்தான் நடக்கிறார்கள். நீள்தொடரில் திரும்ப வரும் பாத்திரத்துக்கான வேலையே, சந்தேகம் தன்மேல் விட்டுச் சென்ற சேதத்தைச் சுமப்பதுதான் என்று தோன்றுகிறது.

இத்தனைக்கும் நடுவில் எல்லியின் கணவர் ஜோ சமையலறையில் இருக்கிறார். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார், சாப்பாடு போடுகிறார், களைத்து வரும் மனைவியைத் தேற்றுகிறார். துப்பறிபவரின் வீட்டுக் காட்சி என்றால் நாம் சற்று மூச்சுவிட்டுக்கொள்ளும் இடம் என்று முந்தைய ஆயிரம் தொடர்கள் நம்மைப் பழக்கியிருக்கின்றன. கொலையாளி அங்கேதான் இருந்தார். எட்டாம் எபிசோடில் டானியின் கைப்பேசிச் சமிக்ஞையைப் பின்தொடர்ந்து ஹார்டி போய்ச் சேருவது மில்லர் வீட்டுக்குத்தான்.

அதற்கு முன்பே ஒரு காட்சி உண்டு. சூசனின் கணவன் தன் மகளுக்கே கொடுமை செய்தவன். அது உங்களுக்கு எப்படித் தெரியாமல் இருந்தது என்று எல்லி சூசனைக் கேட்கிறார். கடைசி எபிசோடில் பெத் அதே கேள்வியை எல்லியிடம் கேட்கிறார். அந்தக் கேள்வி இவ்வளவு கனமாக விழுவதற்குக் காரணம், எல்லியை நாம் எட்டு எபிசோடிலும் ஐயமே இல்லாமல் நம்பினோம் என்பதுதான். ஆகவே நான் முதல் நாள் கேட்டதற்கு ஒரு பகுதி பதில் கிடைத்துவிட்டது. துணையான பாத்திரம் நீள்தொடரிலும் உண்டு. ஆனால் அவரைச் சுற்றியிருக்கும் வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

தேவகோட்டை மாணவன் | மார்ச் 5, இரவு 11.35

அப்படியானால் இதை ஒருமுறைதான் செய்ய முடியும். இரண்டாம் சீசனில் யாரைச் சந்தேகிப்பது? ஊரே தீர்ந்துவிட்டது. ‘பிராட்சர்ச்’ இரண்டாம் சீசன் எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் காரணம்.

அமெரிக்க ‘தி கில்லிங்’கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2011இல் முதல் சீசனில் 13 எபிசோடு பார்க்கவைத்துவிட்டு ரோஸி லார்சனைக் கொன்றது யார் என்று சொல்லாமலே முடித்தார்கள். பார்த்தவர்கள் கொதித்துப் போனார்கள். இரண்டாம் சீசனின் இறுதியில்தான் பதில் வந்தது. வாரம் ஒரு வழக்கு இந்த ஏமாற்றத்தைத் தராது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கானாடுகாத்தான் பழைய வாசகர் | மார்ச் 6, காலை 7.30

இரண்டாம் சீசன் ஊரைச் சந்தேகிக்கவே இல்லை, தம்பி. ஜோ நீதிமன்றத்தில் குற்றத்தை மறுக்கிறார். அதனால் முதல் சீசனில் ஒவ்வொருவரும் செய்தது அனைத்தும் சாட்சிக் கூண்டில் மறுபடி கிளறப்படுகிறது. எல்லி கைதுக்குப் பின் ஜோவை அடித்தது வழக்கையே பலவீனப்படுத்துகிறது. பழைய பாத்திரங்கள் சந்தேகத்துக்கு உரியவர்களாக இருந்து சாட்சிகளாக மாறுகிறார்கள். அந்த வழக்குமன்ற நடைமுறை நம்பும்படி இருக்கிறதா என்றால் பல இடங்களில் இல்லை. ஆனால் எண்ணம் சரியானது.

மர்மத்துக்காக அவர்கள் பக்கத்தில் ஹார்டியின் பழைய சாண்ட்புரூக் வழக்கை வைத்தார்கள். 2017இல் வந்த மூன்றாம் சீசனில் வழக்கும் புதிது, சந்தேகத்துக்கு உரியவர்களும் புதியவர்கள். பெத் அங்கே பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களுக்குத் துணைநிற்கும் பணியில் இருக்கிறார். மகனை இழந்த தாய் சந்தேக வட்டத்திலிருந்து வெளியேறி, வழக்குக்கு உதவுகிற நிரந்தரப் பாத்திரமாகிவிட்டார். நீள்தொடர் மூன்றாம் சீசனில் கிட்டத்தட்ட முதல் வகையின் ஏற்பாட்டுக்கே வந்து சேர்கிறது.

தமிழில் ‘சுழல்’ இதே சிக்கலை வேறு வழியில் கையாண்டது. 2025இல் வந்த இரண்டாம் சீசனில் சக்கரை, நந்தினி இருவரையும் வைத்துக்கொண்டு ஊரையும் திருவிழாவையும் மாற்றிவிட்டார்கள். சந்தேகிக்கப் புதிய மனிதர்கள் வேண்டும், அக்கறைப்படப் பழைய மனிதர்கள் வேண்டும். முதல் சீசனின் முடிவில் செய்ததற்காக நந்தினி சிறையில் இருப்பது நல்ல முடிவு. பழைய கதையின் சுமை அவரோடு கூடவே வருகிறது.

தேவகோட்டை மாணவன் | மார்ச் 6, காலை 9.00

சாட்சிகள் என்ற கோணத்தில் நான் பார்க்கவில்லை. ஆனாலும் பெத்தும் எல்லியும் மூன்றாம் சீசனில் அவ்வளவு இயல்பாகப் பேசிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கேட்ட கேள்வி அப்படி.

புதுவயல் டீச்சர் | மார்ச் 7, மாலை 5.20

என் சொந்தச் சிக்கல் ஒன்று. எங்கள் பள்ளி நூலகத்தில் வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதற்காகக் கதை எழுதுகிறேன். துப்பறிபவர் ஓய்வு பெற்ற கணக்குப்பிள்ளை. அவருக்குச் சைக்கிள் ஓட்டவும் கடிதம் படிக்கவும் முத்து என்ற பையன் உதவுகிறான். இதுவரை வந்தவை ஒரே வாரத்தில் முடியும் சின்னச் சின்ன வழக்குகள். பிள்ளைகளுக்கு முத்துவை மிகவும் பிடிக்கும்.

இப்போது ஆறு வாரக் கதை எழுத ஆசை. முன்னோருக்கான படைப்புக்காகப் பங்காளிகள் எல்லோரும் பெரிய வீட்டில் கூடுகிறார்கள். இரண்டாம் கட்டில் ஒவ்வொரு பங்குக்கும் ஓர் அறை, ஒவ்வோர் அறைக்கும் தனிச் சாவி. மூத்தவர் அறைப் பெட்டகத்திலிருந்து கழுத்திரு என்ற தாலி நகை காணாமல் போகிறது. எடுத்தவன் முத்து என்று முடிக்க நினைக்கிறேன். அது பிள்ளைகளை ஏமாற்றுவதாகுமா?

பள்ளத்தூர் ஆச்சி | மார்ச் 7, மாலை 6.45

முத்துவா? வேண்டாம் டீச்சர். பங்காளிகளில் ஒருவரை வையுங்கள். அதுதான் நடக்கக்கூடியது.

காரைக்குடி வாசகர் | மார்ச் 8, இரவு 9.15

டீச்சருக்குப் பதில் சொல்வதற்கு ‘மங்க்’ தொடரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அது இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கிறது. 2002 முதல் 2009 வரை 125 எபிசோடு. ஏறத்தாழ ஒவ்வொன்றிலும் தனி வழக்கு. அடியில் ஒரே ஒரு பழைய வழக்கு ஓடுகிறது: ஏட்ரியன் மங்க்கின் மனைவி ட்ரூடி 1997இல் கார் வெடிகுண்டில் கொல்லப்பட்டது. அதைப் பற்றி ஆண்டுக்கு ஓரிரு துணுக்குகளே வருகின்றன. குண்டு செய்தவன் கிடைக்கிறான். அவன் சாகும் முன், வலது கையில் ஆறு விரல் உள்ள ஒருவன் தனக்குக் கூலி கொடுத்தான் என்கிறான். அதற்குப் பல சீசன்கள் கழித்துத்தான் அந்த ஆள் கிடைக்கிறான்.

இதில் நிரந்தரப் பாத்திரங்களைப் பயன்படுத்திய விதத்தைக் கவனியுங்கள். மூன்றாம் சீசனின் நடுவில் உதவியாளர் ஷரோனா போய் நேட்டலி வருகிறார். மருத்துவர் குரோகராக நடித்தவர் 2008இல் இறந்தபோது டாக்டர் பெல் என்ற புதிய மருத்துவர் வருகிறார். தொடர் நிற்கவில்லை, ஏனென்றால் மங்க்குக்கு ஓர் உதவியாளரும் ஒரு மருத்துவரும் தேவை. அந்தப் பொறுப்பை வேறொருவர் ஏற்க முடிகிறது. எல்லி மில்லருக்குப் பதிலாக இன்னொருவரை நடுவில் கொண்டுவந்தால் ‘பிராட்சர்ச்’ அங்கேயே முடிந்துவிடும். நிரந்தரப் பாத்திரம் மாறுவதே இல்லை என்ற தேவகோட்டைத் தம்பியின் கூற்றுக்கும் இதில் பதில் உண்டு. ஷரோனாவின் இழப்பு மங்க்கை வருத்துகிறது, கேப்டன் ஸ்டாட்டில்மேயரின் மணமுறிவு பின்வரும் கதைகளிலும் நிலைக்கிறது. மாற்றம் வழக்குகளுக்கு இடையில் நடக்கிறது.

இறுதிக் கதையில் ட்ரூடியின் பழைய கிறிஸ்துமஸ் பரிசை மங்க் பிரிக்கிறார்; உள்ளே ட்ரூடி பேசிப் பதிவு செய்த காணொளி. கொலை செய்வித்தவர் ஈத்தன் ரிக்கோவர் என்ற நீதிபதி. அவர் அந்த இறுதிக் கதைக்காகவே வந்த பாத்திரம். எட்டு சீசன்கள் காத்திருந்த வழக்கிலும் குற்றவாளி விருந்தாளியாகவே வந்தார். கேப்டன்மீதோ நேட்டலிமீதோ நிழல்கூட விழவில்லை. சிலருக்கு அது ஏமாற்றம். எனக்கு அது, அத்தனை ஆண்டுகள் கூடவே இருந்தவர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியதாகப் படுகிறது.

டீச்சரும் பிள்ளைகளுக்கு அதே வாக்கைக் கொடுத்திருக்கிறார். தனி வழக்குகளில் முத்து சந்தேகத்துக்கு வெளியே நின்றான். ‘பிராட்சர்ச்’ வேறு தொடர்களால் வந்த பழக்கத்தை மீறியது. தன் சொந்தக் கதைகளில் ஜோவை முன்னால் நல்லவராக நிறுத்திவைத்துப் பிறகு கவிழ்க்கவில்லை. முத்துதான் திருடன் என்றால் முந்தைய கதைகளிலும் அவன் அப்படிப்பட்டவனாக இருந்திருக்கக்கூடும் என்று பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் கதைகள் அதைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். தாங்கினாலும் அவர்களால் மறுபடி ஒரு வார வழக்குக்கு வர முடியாது. முத்து இல்லாத கணக்குப்பிள்ளையோ, மன்னிக்கப்பட்ட முத்துவோ வரும்போது ஒவ்வொரு வெள்ளியும் அந்தத் திருட்டும் கூடவே வரும்.

கானாடுகாத்தான் பழைய வாசகர் | மார்ச் 8, இரவு 10.50

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. பிள்ளைகள் நேசிக்கும் ஒருவன் தவறு செய்வதைப் படிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. எச்சரிக்கை ஒன்றுதான்: முத்து திருடன் என்று ஆறாம் வாரக் கடைசி வரியில் சொல்லக் கூடாது. நான்காம் வாரத்தில் சொல்லிவிட்டு, மீதி இரண்டு வாரமும் கணக்குப்பிள்ளை என்ன செய்கிறார், அந்த வீட்டார் முத்துவின் தாயை எப்படி நடத்துகிறார்கள் என்று எழுத வேண்டும். ‘பிராட்சர்ச்’ கடைசி எபிசோடிலும் உண்மை பாதிக்கு முன்பே வெளியாகிவிடுகிறது. மீதி நேரம் முழுவதும் அதன் பின்விளைவுதான்.

ஒரு செய்முறை யோசனையும் உண்டு. சாவி யாரிடம் இருந்தது என்பதை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். மூத்தவர் அறைச் சாவியை முத்துதான் கொண்டுபோய்க் கொடுத்தான் என்பதை அவனுடைய வழக்கமான எடுபிடி வேலைகளில் ஒன்றாக, பந்திக்கு இலை கொண்டுவந்ததற்கும் கடிதம் படித்ததற்கும் நடுவில் வையுங்கள். பிள்ளைகள் கேட்பார்கள், கடந்து போவார்கள். பிறகு திரும்பி வந்து தேடினால் அது அங்கே இருக்க வேண்டும்.

புதுவயல் டீச்சர் | மார்ச் 10, இரவு 8.30

முந்தைய கதைகளை எடுத்து வைத்துப் படித்தேன். காணாமல் போன கோயில் விளக்குக் கதையில் முத்து தனக்குக் கிடைத்த வெகுமதிப் பணத்தை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கிறான். அந்தக் காட்சியைப் பிள்ளைகள் மறக்கவில்லை; நடித்துக்கூடக் காட்டியிருக்கிறார்கள். அதனால் அவன் தனக்காக எடுத்தான் என்று எழுத முடியாது. யாருக்காகவோ எடுத்தான், அல்லது எடுத்தவரைக் காப்பாற்றப் பொய் சொன்னான் என்று வேண்டுமானால் எழுதலாம். இரண்டில் எது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நான்காம் வாரத்தில் உண்மையைச் சொல்வது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன். சாவியை முதல் வாரத்தில் இலைக்கட்டோடு சேர்த்து எழுதிவிட்டேன்.

தேவகோட்டை மாணவன் | மார்ச் 10, இரவு 9.05

பொய் சொன்னான் என்றே எழுதுங்கள், டீச்சர். அப்போது முத்து வழக்குக்கு உள்ளேயும் வந்துவிடுகிறான், அடுத்த கதைக்கும் மிஞ்சுகிறான். ஆனால் கணக்குப்பிள்ளை அவனை முன்போல நம்பக் கூடாது. அடுத்த ஒரு வார வழக்கில் கடிதத்தை அவனிடம் கொடுக்காமல் தானே கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிக்கட்டும்.

பள்ளத்தூர் ஆச்சி | மார்ச் 11, காலை 10.20

அப்பத்தாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். மூத்தவர் மருமகள்தான் எடுத்திருப்பாள், பையன் அவளுக்காகப் பேசுகிறான் என்கிறார். முதல் வாரத்தை அனுப்புங்கள் டீச்சர், வாசித்துக் காட்டுகிறேன்.